இறுதி அறிக்கையை அனுப்பும் முன்: தொகையும் வாக்கியமும் ஒத்துப்போகிறதா? – கேள்வி பதில்

காரைக்குடி, பயிற்சி மையப் பொறுப்பாளர்: அக்கா, கொட்டான் முடையிற பயிற்சிக்கு 12 லட்சம் நிதி வாங்கினோம். இறுதி அறிக்கை ரெடி. நாலு பேர் படிச்சுப் பார்த்துட்டோம், எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். எழுத்துப்பிழை இல்லைதான், ஆனால் நாலு பேரும் வாக்கியங்களை மட்டும் படித்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய செலவுப் பட்டியல் இது:

| தலைப்பு | ஒப்புதல் (₹) | செலவு (₹) |
|---|---|---|
| பயிற்றுநர் மதிப்பூதியம் | 3,60,000 | 3,54,000 |
| ஓலை, சாயம் | 2,40,000 | 2,67,500 |
| பயிற்சி உதவித்தொகை | 3,00,000 | 2,85,000 |
| கொட்டகை, கருவிகள் | 1,80,000 | 1,80,000 |
| நிர்வாகம் | 1,20,000 | 1,18,200 |
| மொத்தம் | 12,00,000 | 12,04,700 |

கூட்டல் சரி. ஆனால் 4ஆம் பக்கத்தில் "ஓலை, சாயத்துக்கு ரூ.2,76,500 செலவானது" என்று இருக்கிறது. பட்டியலோ 2,67,500 என்கிறது. வித்தியாசம் 9,000. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால் முதலில் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே 67, 76 ஆகிவிட்டது. எது சரி என்பதை ஊகிக்க வேண்டாம், லெட்ஜரைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது பெரிய சிக்கல். முடிவுரையில் "12 லட்சமும் முழுமையாகச் செலவிடப்பட்டது" என்கிறீர்கள். நிதியைப் பயன்படுத்தியதற்கான சான்றான யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட்டிலும், அதாவது யூசியிலும், 12,00,000. பட்டியலில் 12,04,700. அந்த 4,700 எங்கிருந்து வந்தது? பாஸ்புக்கைப் பார்த்தால் வங்கி வட்டி 8,300 வரவாகியிருக்கிறது. ஆக கையில் இருந்தது 12,08,300, செலவு 12,04,700, மீதி 3,600. அறிக்கையில் வட்டி என்ற சொல்லே இல்லை. வட்டியையும் மீதியையும் பட்டியலுக்குக் கீழே தனித்தனி வரியாகக் காட்டுங்கள். மீதியைத் திருப்பி அனுப்புவதா, அனுமதி வாங்கிச் செலவழிப்பதா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். யூசியில் வட்டியைச் சேர்ப்பது ஒவ்வொரு நிதியாளரிடமும் ஒவ்வொரு மாதிரி. அவர்கள் தந்த படிவத்தில் வட்டிக்குக் கட்டம் இல்லையென்றால் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

ஓலைச் செலவு ஒப்புதலைவிட 27,500 கூடியிருக்கிறது, கிட்டத்தட்ட பதினொன்றரை சதவீதம். பல ஒப்பந்தங்களில் ஒரு தலைப்பில் பத்து சதவீதம் தாண்டினால் முன் அனுமதி வேண்டும் என்றிருக்கும். உங்களுடையதைப் பாருங்கள். அனுமதி மெயில் இருந்தால் அதன் தேதியை அறிக்கையில் எழுதுங்கள். இல்லையென்றால் ஓலை விலை எப்போது, ஏன் ஏறியது என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்பார்கள்.

அதே பொறுப்பாளர்: சரிக்கா, தொகையைத் திருத்திடுறேன். "40 பெண்கள் பயன்பெற்று பொருளாதார மேம்பாடு அடைந்தனர்"ன்ற வரி நல்லா இருக்குல்ல?

அந்த வரியைப் பொய்யாக்குவதே உங்கள் பட்டியல்தான். உதவித்தொகை ஒருவருக்கு மாதம் 2,500, மூன்று மாதத்துக்கு 7,500. நாற்பது பேருக்கு 3,00,000 ஆகும். நீங்கள் கொடுத்தது 2,85,000. அதை 7,500ஆல் வகுத்தால் 38. பயிற்சியை முடித்தவர்கள் 38 பேர்தான் என்று செலவுக் கணக்கு சொல்கிறது, வாக்கியம் 40 என்கிறது. நிதியாளர் அலுவலகத்தில் இருப்பவர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பார்.

"பயன்பெற்று" என்பதில் மூன்று வேறு எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது: சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், இப்போது விற்பவர்கள். உங்கள் வருகைப் பதிவேடும் விற்பனை நோட்டும் பார்த்தபின் நான் இப்படி எழுதுவேன்: "பயிற்சியில் 40 பெண்கள் சேர்ந்தனர். 38 பேர் மூன்று மாதமும் முடித்தனர். மார்ச் மாதத்தில் 22 பேர் கொட்டான் விற்றனர். விற்பனைப் பதிவேட்டின்படி அம்மாத விற்பனை ரூ.46,200." நோட்டில் ஆளுக்கு ஆள் தொகை ரொம்ப வேறுபடுகிறது, அதனால் சராசரி 2,100 என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்றும் சேருங்கள். அதோடு இது விற்பனைத் தொகை, வருமானம் அல்ல. ஓலை, சாயச் செலவு கழிக்காமல் "வருமானம்" என்று எழுதக்கூடாது.

"வருமானம் இரட்டிப்பானது" என்ற வரியை எடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு முன் அவர்களுடைய வருமானத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எதிலிருந்து இரட்டிப்பு?

அதே பொறுப்பாளர்: ஐயோ, விலகிப்போன ரெண்டு பேருக்கும் முதல் மாச உதவித்தொகை குடுத்தோமேக்கா.

அப்படியானால் அந்த 5,000 எங்கே ஏறியது? உதவித்தொகைத் தலைப்பில் இல்லை, ஏனென்றால் 2,85,000 சரியாக 38 பேருக்கே போய்விட்டது. வவுச்சரைத் தேடுங்கள். நிர்வாகச் செலவில் போயிருந்தால் உதவித்தொகை 2,90,000, நிர்வாகம் 1,13,200 என்று மாறும். மொத்தம் மாறாது. ஆடிட்டர் கையெழுத்து ஆகிவிட்டிருந்தால் நீங்களாக எண்ணை மாற்றாதீர்கள், அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திருத்திய பட்டியல் தருவாரா, அடிக்குறிப்பு போதும் என்பாரா என்பது அவர் முடிவு.

தேவகோட்டை, அறக்கட்டளைப் பொருளாளர்: ஆடிட்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கணக்குக்கு மேல நாம என்னத்தப் பாக்குறது? அவரு படிச்சவரு.

பாதி சரி ஐயா. அறிக்கையில் வரும் எண்களுக்கு அவர் தாளே ஆதாரம், அதோடு மோதினால் நாம்தான் திருத்த வேண்டும். ஆனால் அவர் உங்கள் விவரணையைப் படிக்கவில்லை. காரைக்குடி அறிக்கையின் 4ஆம் பக்கத்து 2,76,500 அங்குள்ள ஆடிட்டர் கண்ணில் பட்டே இருக்காது. இன்னொன்று, அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. திட்டம் அக்டோபரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடிந்தால் அது இரண்டு நிதியாண்டில் விழும். ஓராண்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாது. ஆடிட்டர் திட்டத்துக்கென்று தனியாக வரவு செலவுக் கணக்கு தந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

புதுவயல், கணக்கு எழுதுபவர்: பயிற்றுநருக்கு 3,54,000ன்னு போட்டிருக்காங்க. எங்க திட்டத்துலயும் இதே மாதிரிதான், பேங்க் ஸ்டேட்மெண்ட்ல குறைச்சலா இருக்கு. எதை எழுதணும் மேடம்?

டிடிஎஸ் பிடித்திருப்பீர்கள். பத்து சதவீதம் பிடித்தால் 3,54,000இல் 3,18,600 பயிற்றுநருக்கும் 35,400 வருமான வரிக்கும் போகும். செலவு முழுத் தொகைதான், அதையே எழுதுங்கள். சலான் நகலை இணைத்தால் கேள்வி வராது. பிடித்தும் கட்டாமல் இருந்தால் அது அறிக்கைப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினை.

ஒரு சின்ன விஷயமும் பாருங்கள். எக்செல்லில் மொத்தம் என்ற கட்டத்தைத் தொட்டால் மேலே ஃபார்முலா தெரிகிறதா, வெறும் எண் தெரிகிறதா? எண்ணாக இருந்தால் யாரோ கையால் அடித்தது. ஃபார்முலாவாக இருந்தாலும் வரம்பைப் பாருங்கள்:

```
=SUM(C2:C6)
```

ஏழாவது வரியில் யாராவது பிறகு ஒரு செலவைச் சேர்த்திருந்தால் அது கூட்டலில் வராமல் போகலாம்.

கானாடுகாத்தான், தமிழாசிரியை: அறிக்கை என்றால் இறந்தகாலத்தில்தானே இருக்க வேண்டும்? ஒரு சங்கத்துக்காக எல்லா வினையையும் மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் குழம்பிப்போய் நிற்கிறார்கள்.

டீச்சர், எல்லாவற்றையும் மாற்றியதுதான் குழப்பம். உங்கள் கையில் "மையத்தில் கொட்டகை இருந்தது" என்று ஆகியிருக்கும். படிப்பவருக்குக் கொட்டகை இடிந்துவிட்டதோ என்று தோன்றும். முடிந்த செயலுக்கு இறந்தகாலம்: கொட்டகை கட்டப்பட்டது. இன்றும் நிற்பதற்கு நிகழ்காலம்: கொட்டகையில் பன்னிரண்டு பேர் அமரலாம். இன்னும் நடந்துகொண்டிருப்பதற்கு நாள் வேண்டும். "பெண்கள் விற்று வருகின்றனர்" என்றால் எந்த மாதம் வரை என்பது தெரியாது. "மார்ச் நிலவரப்படி" என்று தொடங்கினால் போதும்.

எதிர்காலம் பெரும்பாலும் விண்ணப்பத்திலிருந்து வெட்டி ஒட்டியதில் தங்கிவிடும். காரைக்குடி அறிக்கையில் "பயிற்சி முடிவில் சான்றிதழ் வழங்கப்படும்" என்று இருக்கிறது. வழங்கினார்களா இல்லையா? வேர்டில் `ப்படும்` என்று தேடுங்கள், அநேகமாக எல்லாம் மாட்டும். "வழங்கப்படும் தொகை" மாதிரி சரியானவையும் வரும், அதனால் ஒரேயடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆங்கில அறிக்கை என்றால் `will` என்று தேடினால் பாதி வேலை முடியும்.

காலம் தப்பினால் கணக்கும் தப்பும். அவர்களிடம் இன்னொரு வரி, "கொட்டகை அமைக்கப்பட்டு வருகிறது". ஆனால் கொட்டகைத் தலைப்பில் 1,80,000 முழுவதும் செலவு. பணம் போய்விட்டது, வேலை முடியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். விசாரித்ததில் கொட்டகை எப்போதோ முடிந்துவிட்டது, அந்த வரி ஆறாம் மாத அறிக்கையிலிருந்து ஒட்டியது.

பள்ளத்தூர் இளைஞர்: எங்க ஊர் ஊரணி தூர்வார நிதி கேட்டு எழுதுறோம் அக்கா. அதுலயும் எல்லாம் இறந்தகாலமா?

தம்பி, நீங்கள் எழுதுவது விண்ணப்பம். அதில் எதிர்காலம்தான் சரி. ஆனால் இப்போது வைக்கும் தலைப்புப் பெயர்களை அப்படியே வைத்திருங்கள். விண்ணப்பத்தில் "மண் அகற்றல்", அறிக்கையில் "ஜேசிபி வாடகை" என்று மாறினால் பிறகு ஒப்பிட முடியாது.

கோட்டையூர், திட்ட ஒருங்கிணைப்பாளர்: 40 சேர்ந்து 22 பேர்தான் விக்கிறாங்கன்னு முதல் பக்கத்துலயே போட்டா அடுத்த தடவை நிதி கிடைக்குமா? நான் பின்னிணைப்புலதான் போடுவேன்.

உங்கள் பயம் புரிகிறது. நான் முதல் பக்கத்தில் போடுவேன், ஏனென்றால் காரைக்குடி விண்ணப்பத்தில் இலக்கு 25 பேர் விற்பார்கள் என்று இருந்தது. 22 அதற்குப் பக்கம்தான். இலக்கையும் சேர்த்து எழுதினால் தோல்வி மாதிரித் தெரியாது, தனியாக 22 என்று போட்டால் தெரியும். இலக்கே எழுதாத திட்டமாக இருந்தால்? அதற்கு எனக்கும் தெளிவான பதில் இல்லை. பின்னிணைப்பில் போட்ட சிலருக்கு நிதி கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

காரைக்குடி, பயிற்சி மையப் பொறுப்பாளர்: கடைசியா ஒண்ணு. இன்னைக்கு ராத்திரி ஒரே தடவைதான் படிக்க முடியும். எதைப் பாக்கட்டும்?

பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விவரணையைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் வட்டமிட்டு, அது பட்டியலிலா, வருகைப் பதிவேட்டிலா, விற்பனை நோட்டிலா, எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். ஓரம் காலியாக இருக்கும் எண்களை மட்டும் நாளைக் காலையில் எனக்கு அனுப்புங்கள்.