அம்மா கேட்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

"அம்மா அடுத்த மாசம் லண்டன் வர்றாங்க. ஆபீஸ் தோழியையும் அவங்க பார்ட்னரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். போன வருஷம் ஊருக்கு வந்தப்ப அம்மாவைப் பார்த்தவங்கதான். 'குண்டாயிட்டியே, எப்ப கல்யாணம்?'னு அம்மா கேக்காம இருக்க மாட்டாங்க. நான் என்னன்னு மொழிபெயர்க்கிறது?"

முதலில், கேட்பதைத் தமிழிலேயே கேட்கச் சொல்லி அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும்; ஆனால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். "வெயிட் போட்டுட்டியே", "மேரேஜ் எப்போ" என்று வீட்டுத் தமிழில் முக்கியமான சொல்லெல்லாம் இங்கிலீஷ். நீங்கள் எவ்வளவு நயமாக மாற்றினாலும் 'வெயிட்' தோழி காதில் விழுந்திருக்கும். "பூசினாப்ல இருக்கே" என்றால் பிழைத்தீர்கள். அப்போது கை கன்னத்தைத் தொடலாம், வயிற்றுப் பக்கம் போகக் கூடாது.

எடைப் பேச்சு கேள்வி மாதிரி இருந்தாலும் பதில் கேட்பதில்லை. ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறேன் என்பதுதான் அதன் பொருள். அதையே சொல்லுங்கள்: "ஷி இஸ் சோ ஹாப்பி டு சீ யூ அகெய்ன்." "யூ லுக் வெல்" வேண்டாம். 'சதை போட்டிருக்கிறாய்' என்பதன் நாசூக்கான வடிவமாக அதை எடுத்துக்கொள்கிறவர்கள் இங்கே உண்டு. 'வெயிட்' விழுந்தே விட்டதா? மழுப்பாமல், எங்கள் ஊரில் இது நலம் விசாரிப்பு, இளைத்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார் என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள்.

கல்யாணக் கேள்வி அப்படியல்ல, அதற்கு அம்மா பதிலுக்குக் காத்திருப்பார். அதை வாழ்த்தாக மாற்றினால் தோழி "தேங்க் யூ" என்பார். 'எப்போ'வுக்கு 'தேங்க் யூ'வா என்று அம்மா உங்களைத் திரும்பிப் பார்ப்பார். ஆகவே கேள்வியைக் கேள்வியாகவே, கொஞ்சம் அகலமாக்கிக் கொடுங்கள்: "எனி பிக் பிளான்ஸ் ஃபார் யூ டூ திஸ் இயர்?" 'வீடு பார்க்கிறோம்' என்று பதில் வந்தால், "இப்ப வீடு பார்க்கிறாங்களாம்மா" என்று அப்படியே திருப்பலாம். இரண்டு பக்கமும் பொய் இல்லை. நீளத்தையும் கவனியுங்கள். அம்மா இரண்டு சொல் பேச, நீங்கள் நாலு வாக்கியம் பேசினால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"விசேஷம் ஏதும் உண்டா?" என்பதை மட்டும் எந்த வடிவிலும் மொழிபெயர்க்காதீர்கள். எதிரே இருப்பவர் கருச்சிதைவையோ சிகிச்சையையோ கடந்து வந்திருக்கலாம். அகலமாக்கினாலும் அது குத்தும். "அப்புறம் சொல்றேம்மா" என்று சொல்லி சாம்பாரை நகர்த்துங்கள்.

இந்த வித்தையெல்லாம் சாப்பாட்டு மேசையோடு சரி. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போக நேர்ந்தால் அங்கே எடை, மாதவிடாய், மலச்சிக்கல் எல்லாம் கேட்டது கேட்டபடி, சொன்னது சொன்னபடி போக வேண்டும். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்.