ஹீமோகுளோபின் நார்மல், ஆனாலும் கால் நகரவில்லை: ஓடுகிறவர்கள் பெரிட்டினை எப்போது பார்க்க வேண்டும்

கேள்வி: "வயது 24, பெண், வேலூர். வாரம் 45 கிலோமீட்டர் ஓடுகிறேன். ரெண்டு மாசமா ஒரே அசதி, வேகமும் குறையுது. ஹீமோகுளோபின் 12.6, நார்மல்னு சொல்லிட்டாங்க. இரும்புச்சத்து குறைவா இருக்குமா? பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் போதுமா, மாத்திரை போடணுமா?"

இருக்கலாம். நானும் 12.4 வைத்துக்கொண்டு எட்டு மாதம் அல்லாடியவள். அதனால் என் கதையை முழுசாகவே சொல்கிறேன்.

நான் காட்பாடியில் உடற்கல்வி ஆசிரியை. பத்து கிலோமீட்டர்தான் என் தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாகாயம் பக்கத்திலிருந்து பாலமதி மலைச்சாலையில் ஏறுவேன். முதலில் தெரிந்தது அந்த ஏற்றத்தில்தான். வழக்கமாக மூச்சு வாங்கும், ஆனால் கால் ஒத்துழைக்கும். அந்த வருஷம் இரண்டாவது கிலோமீட்டரிலேயே தொடை இரண்டும் ஈர மணல் மூட்டை மாதிரி கனத்தன. சமதளத்தில் ஒரே வேகத்தில் ஓடினால் முன்பு 145-இல் நிற்கும் இதயத்துடிப்பு 160-ஐத் தொட்டது. 52 நிமிடத்தில் முடிக்கும் பத்து கிலோமீட்டருக்கு 56 நிமிடம் ஆனது. ஒரு வாரம் ஓடாமல் இருந்து பார்த்தேன். தூக்கம் நன்றாக வந்தது, ஆனால் அசதி போகவில்லை. பயிற்சி அதிகமானதால் வரும் களைப்பு என்றால் ஓய்வெடுத்ததும் தணியும். இது தணியவில்லை.

இன்னொன்றை நான் கவனிக்கவே இல்லை, என் அத்தைதான் கவனித்தார். முறத்தில் அரிசி புடைக்க உட்கார்ந்தால் நான் பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பேனாம். "ஏம்மா, மாசமா இருக்கிறவ மாதிரி அரிசியத் தின்ற?" என்றார். பச்சரிசி, ஐஸ் கட்டி, மண், விபூதி என்று எதையாவது தின்னத் தோன்றுவது இரும்புக் குறைவின் பழைய அடையாளம். எல்லாருக்கும் வராது, வந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. அதோடு ராத்திரியில் படுத்தால் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கும். முடியும் கொத்தாக உதிர்ந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம், அதனால் இவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

ஹீமோகுளோபின் எப்படி நார்மலாக இருக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். அடுப்பில் உலை கொதிக்கிறது, தட்டில் சோறு விழுகிறது, ஆனால் குதிரில் நெல் தீர்ந்துகொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் தட்டில் விழும் சோறு. உடம்பின் இரும்புக் குதிரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது பெரிட்டின். உடம்பு கடைசிவரை ரத்தத்துக்கு இரும்பைக் கொடுத்துவிட்டு, தசைக்குப் போக வேண்டியதைத்தான் முதலில் சுருக்கும். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினுக்கும், சக்தியை உண்டாக்கும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். அதனால் ரத்தசோகை வராமலேயே ஓட்டம் விழுந்துவிடும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பார்கள். உங்கள் 12.6 அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது.

நான் பெரிட்டினும் பார்த்தேன், ஆனால் தப்பான நேரத்தில். ஐப்பசி மழையில் வைரல் காய்ச்சல் வந்து எழுந்த நாலாம் நாள் ரத்தம் கொடுத்தேன். 41 வந்தது. "நல்லா இருக்கு, மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் பெரிட்டின் ஏறிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காய்ச்சல், தொண்டை வலி, பெரிய போட்டிக்கு மறுநாள், எதுவாக இருந்தாலும் சரி. குதிர் காலியாக இருந்தாலும் எண் நன்றாகத்தான் தெரியும். ஆறு வாரம் கழித்து வேறொரு மருத்துவர் சி.ஆர்.பி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். அழற்சி இருக்கிறதா என்று அது காட்டும். அப்போது சி.ஆர்.பி. நார்மல், பெரிட்டின் 11.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்கிறது. ஓடுகிறவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் பலர் 30-க்குக் கீழே வந்தாலே கவனிக்கிறார்கள். சில லேப் ரிப்போர்ட்டில் நார்மல் அளவு பத்திலிருந்தே தொடங்கும், அதனால் 12 வந்தாலும் பக்கத்தில் சிவப்புக் குறி இருக்காது. குறியை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

சரி, எங்கே போகிறது இந்த இரும்பு? பெண்களுக்கு முதல் காரணம் மாதவிடாய்தான். எனக்கு ஏழு நாள், முதல் மூன்று நாள் மிக அதிகம். அதைச் சாதாரணம் என்றே வருஷக்கணக்காக நினைத்திருந்தேன். ஓட்டத்தில் போவது அதற்கு மேல் சில்லறை: தரையில் பாதம் அடிபட்டுக் கொஞ்சம் சிவப்பணு உடையும், வியர்வையில் கொஞ்சம் போகும், நீண்ட ஓட்டத்தில் குடலில் மெல்லிய கசிவு உண்டாகும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் அந்தக் கசிவு கூடும். இவை எல்லாவற்றையும் விட எனக்குப் புதிதாக இருந்தது ஹெப்சிடின் என்ற ஹார்மோன். கல்லீரலில் சுரப்பது, குடலின் இரும்புக் கதவைச் சாத்துவது. கடுமையாக ஓடி முடித்து மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகிறது. காலை ஆறரைக்கு ஓட்டத்தை முடித்து, மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் இரும்புச் சாப்பாடு சாப்பிட்டால் கதவு பாதி சாத்தியிருக்கும்.

சாப்பாட்டில் என் வீட்டில் குறை இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. கேவுரு களி, கீரைக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. நம்மூர்க் கேழ்வரகில் நூறு கிராமுக்கு நாலரை மில்லிகிராம் போல இரும்பு இருக்கிறது. ஆனால் அதிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பைட்டேட்டும் துவர்ப்பும் இருப்பதால் பெரும்பகுதி உள்ளே போகாது. தானியம், பருப்பு, கீரை இரும்பில் நூற்றுக்கு இரண்டிலிருந்து பத்துதான் சேரும். கறியில், ஈரலில், ரத்தப் பொரியலில் இருக்கும் இரும்பில் ஒரு பங்கு தாவர இரும்பைப் போன்றதே, ஆனாலும் மீதிப் பங்கு நூற்றுக்கு 15 முதல் 25 வரை சேரும். கறி கூட இருந்தால் பக்கத்திலுள்ள கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும்.

பேரீச்சம்பழத்தை நம்பி இருக்காதீர்கள். நாலு பழத்தில் ஒன்றரை மில்லிகிராம் தேறினாலே பெரிது. ஐ.சி.எம்.ஆர். 2020 கணக்குப்படி பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஒரு கைப்பிடி பொரியலில் குதிர் நிரம்பாது. என் சாப்பாட்டில் உண்மையில் மாற வேண்டியிருந்தது டீதான். களி சாப்பிட்டு வாய் கழுவியதும் ஒரு டம்ளர் டீ, இருபது வருஷப் பழக்கம். டீயின் துவர்ப்பு அந்த வேளை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இப்போது சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுகிறேன். களிக்குப் பதிலாக முதல்நாள் கரைத்துப் புளித்த கூழைக் காலையில் குடிக்கிறேன், புளிக்கும்போது பைட்டேட் குறையும். கூட ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா, கீரையில் எலுமிச்சை பிழிவது, அவ்வளவுதான். வைட்டமின் சி சேர்ந்தால் தாவர இரும்பு நன்றாக ஏறும்.

ஆனால் 11-ஐச் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது என்று மருத்துவர் நேராகவே சொன்னார். 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் போட்டால் இன்னும் சீக்கிரம் ஏறாதா என்று கேட்டேன். மாத்திரை போட்ட பிறகும் ஹெப்சிடின் ஏறும், ஒரு நாள் அளவுக்கு இறங்காது, மறுநாள் போடும் மாத்திரையில் கொஞ்சம்தான் சேரும், வயிறுதான் கெடும் என்றார். காலை ஓட்டம் முடிந்து அரை மணிக்குள், ஹெப்சிடின் ஏறுவதற்கு முன், எலுமிச்சைச் சாறோடு போட்டுக்கொண்டேன். மலம் கறுப்பாகும், கொஞ்சம் மலச்சிக்கல் வரும், பயப்பட வேண்டாம். வாங்கும்போது அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது உப்பின் எடையாக இருக்கலாம். உலர்ந்த பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராமில் இரும்பு 65 மில்லிகிராம்தான். வீட்டில் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், அளவு மீறினால் குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து.

ஐந்தாவது வாரம் பச்சரிசி ஆசை போயே போச்சு. எட்டு வாரத்தில் பெரிட்டின் 27, நாலு மாதத்தில் 46. பத்து கிலோமீட்டர் 52-க்குத் திரும்பியது ஐந்தாம் மாதம்தான். மாதவிடாய்க்கும் தனியாக மருத்துவம் பார்த்தேன், இல்லாவிட்டால் நிரப்ப நிரப்ப ஒழுகிக்கொண்டே இருந்திருக்கும்.

அசதி என்றதும் எல்லாரும் ரத்தம் கொடுக்கத் தேவையில்லை. தூரத்தைச் சட்டென்று கூட்டியிருந்தாலோ, நம்மூர் சித்திரை வெயிலில் ஓடியிருந்தாலோ, தூக்கம் கெட்டிருந்தாலோ, சாப்பிடுவது ஓடுவதற்குப் போதாமல் இருந்தாலோ, முதலில் பத்து நாள் அதைச் சரிசெய்து பாருங்கள். நீங்கள் இரண்டு மாதம் என்கிறீர்கள், பெண், தூரமும் ஓடுகிறீர்கள், அதனால் இப்போதே பாருங்கள். முழு ரத்தப் பரிசோதனை, பெரிட்டின், சி.ஆர்.பி. மூன்றையும் ஒன்றாகக் கேளுங்கள். முந்தின நாள் கடின ஓட்டம் வேண்டாம். காய்ச்சல் சளி விட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்கட்டும். காலையில் தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுங்கள், அப்போதுதான் அடுத்த எண்ணை ஒப்பிட முடியும்.

பெரிட்டின் நன்றாக இருந்தும் சிவப்பணுவின் அளவு மட்டும் சிறிதாக வந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா கூறாக இருக்கலாம், அதற்கு இரும்பு மாத்திரை உதவாது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கிற ஓடுகிறவர் என்றால் கொக்கிப்புழுவையும் கேளுங்கள். ஓடுகிற உங்கள் அண்ணன், தம்பி, மாதவிடாய் நின்ற அம்மா யாருக்காவது பெரிட்டின் குறைந்தால் ஓட்டத்தின் மேல் பழி போட்டு மாத்திரை வாங்காதீர்கள். குடலில் எங்கே ரத்தம் போகிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரை போடாமலேயே மலம் கறுத்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.