ரத்தக்கொதிப்பு பற்றி ஒரே பேச்சு, இரண்டு கூட்டம்: கேள்வி பதில்

கிராமத்தில் எளிமையாகவும் ஆபீஸில் எண்களோடும் பேசினால் போதும் இல்லையா? (புதிதாகப் பேச வந்தவர்)

எண்கள் விஷயத்தில் பாதி சரி. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, நோயின் பெயரே அங்கே என்ன அர்த்தத்தில் புழங்குகிறது என்பதை. கிராமத்தில் "கொதிப்பு" என்றதும் கோபம், உடம்புச் சூடு, தலைசுற்றல் என்று நினைப்பார்கள். அது எதுவும் இல்லையென்றால் நோயும் இல்லை. ஆபீஸில் "ஹைப்பர்டென்ஷன்" என்பது டென்ஷனாகிவிடுகிறது. லீவு எடுத்தால் சரியாகிவிடும் என்று ஒதுக்கிவிடுவார்கள். பெரும்பாலும் இந்த நோய் உடம்பில் எதுவும் காட்டாது, அளந்தால்தான் தெரியும். இரண்டு இடத்திலும் நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான். ஆனால் எந்தத் தவறான எண்ணத்தைக் கலைத்துவிட்டு அதைச் சொல்வது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

ஒருமுறை ஆபீஸுக்குச் செய்த ஸ்லைடுகளோடு அப்படியே கிராமத்துக்குப் போனேன். 140/90 என்று திரையில் காட்டியதும், ஒரு பெரியவர் "தொண்ணூறுதானே, பரவாயில்லையே" என்றார். இப்போது அங்கே பேசும்போது "மேல் எண், கீழ் எண், இரண்டில் எது கூடினாலும் கவனிக்கணும்" என்று மட்டும் சொல்கிறேன்.

உப்பு பற்றி இரண்டு இடத்திலும் எப்படிச் சொல்கிறீர்கள்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கிராமத்தில் கிராம் கணக்கு சொல்வதில்லை. "ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருது?" என்று கேட்பேன். பெரியவர்கள் நால்வர் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம், அதாவது ஒரு கிலோ குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஓர் அம்மா "இருபத்தஞ்சு நாள்கூட வராதே" என்றார். அந்த வீட்டில் தலைக்கு 10 கிராமுக்குக் குறையாமல் போகிறது. சமையல் தவிர வேறு வேலைக்கும் உப்பு எடுத்தால் அதைக் கழித்துவிடச் சொல்லுங்கள். முக்கியமாக, சமைப்பவர் கூட்டத்தில் இருக்க வேண்டும். நான் முதலில் பேசிய நேரத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், உப்பு அவர்கள் கையில் இல்லை.

ஆபீஸில் பலர் சாப்பிடும் உப்பு பாக்கெட்டுக்குள் இருக்கிறது. லேபிளில் சோடியம் என்றுதான் போட்டிருக்கும், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பாக்கெட் 150 கிராம் என்றால் 3 கிராம், ஒரு நாள் அளவில் பாதிக்கு மேல். கையில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்து அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

வெயிலில் வியர்வை சிந்துபவர்களிடம் உப்பைக் குறைக்கச் சொல்வது தப்பில்லையா?

உங்கள் கவலை நியாயம்தான். வியர்வையில் உப்பும் போகிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல்தான் சாப்பிடுகிறார்கள், வேலை நேரத்தில் முதலில் தேவைப்படுவது தண்ணீர். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் தனியாகச் சொல்லுங்கள். வெயிலில் தலை கிறுகிறுத்தால் அவர் மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேச வேண்டும்.

என் அம்மாவுக்கு மூன்று மாதமாக 130/80-க்குள் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

தானாக நிறுத்த வேண்டாம். மாத்திரை வேலை செய்வதால்தான் அந்த எண் வந்திருக்கலாம். குறைக்கலாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் பேச்சைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் இது எனக்கு உதவுகிறது. கிராமத்தில் "தலைசுத்தல் நின்னுடுச்சு, மாத்திரையும் நிறுத்திட்டேன்" என்பார்கள், ஆபீஸில் "நார்மலாகிவிட்டது" என்பார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றே.

நான் செவிலியர். அளந்த பிறகுதான் பேச விடுவேன், இல்லாவிட்டால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஏன் பேசிவிட்டு அளக்கிறீர்கள்?

கிளம்பிவிடுவார்கள் என்பது உண்மை. ஆனால் எண் கூடுதலாக வந்தவர் அந்த அதிர்ச்சியிலேயே இருப்பார், பேச்சு காதில் ஏறாது. நடந்து வந்தவரை உடனே அளந்தாலும் கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடமாவது முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்க அமர்ந்திருக்கணும். பேச்சு நேரம் அந்த ஓய்வைக் கொடுத்துவிடுகிறது. ஆபீஸில் காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கணும். எண்ணை ஒருபோதும் உரக்கச் சொல்லக் கூடாது, மேலதிகாரி பக்கத்திலேயே நிற்பார். சீட்டில் எழுதிக் கொடுங்கள். கூடுதலாக இருந்தால், ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யாமல் வேறொரு நாளும் அளக்கச் சொல்லுங்கள். கிராமத்தில் உங்கள் முறை அதிகம் பேரைப் பிடிக்கும் என்றே தோன்றுகிறது. நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.

கேட்டவர்களுக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கிராமத்தில் மூன்று பேரிடம் "வீட்டுக்குப் போய் என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்கிறேன். "கோபப்படக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று வந்தால், கொதிப்பு என்ற சொல் என்னை வென்றுவிட்டது, அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன். ஆபீஸில் பெயர் போடாத சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். பாதிச் சீட்டில் "ஸ்ட்ரெஸ் குறைக்கணும்" என்று இருந்தால் அங்கேயும் அதே கதைதான்.