முன்பதிவை ரத்துச் செய்யும் கடிதம்: எந்த வாசகத்தின் கீழ் எழுதுகிறீர்கள்?

கேள்வி: வெள்ளவத்தையில் கட்டப்படும் ஒரு தொடர்மாடியில் நானும் மனைவியும் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஜனவரி 10ஆம் திகதி 25 இலட்சம் ரூபாய் கட்டி, முன்பதிவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். 3 கோடி ரூபாய் வங்கிக் கடன் கேட்டிருந்தோம்; பெப்ரவரி 11ஆம் திகதி வங்கி மறுத்துவிட்டது. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் சொன்னால், தங்களுடைய ரத்துப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்கிறார்கள். கால்வாசியைக் கழித்துக்கொண்டு, வீடு வேறு ஒருவருக்கு விற்ற பிறகு மிச்சத்தைத் தருவார்களாம். இரண்டாம் தவணை பெப்ரவரி 28இல் வருகிறது. ஒப்பந்தத்தின் பிரதியை இணைத்திருக்கிறேன். கடிதத்தை எப்படி எழுத வேண்டும்?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். உங்கள் ஒப்பந்தத்தில் விலகுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் கழிவு வேறு வேறு. 7.1ஆம் வாசகம், வாங்குபவர் சொந்தக் காரணத்தால் விலகினால் முற்பணத்தில் 25 சதவீதத்தைக் கழிக்கலாம் என்கிறது. 7.2ஆம் வாசகம், வங்கிக் கடன் கிடைக்காததற்கு எழுத்து ஆதாரத்துடன் ஒப்பந்தத் திகதியிலிருந்து 45 நாட்களுக்குள் அறிவித்தால் நிர்வாகச் செலவாக 2 சதவீதம் மட்டும் கழிக்கப்படும் என்கிறது. உங்கள் 25 இலட்சத்தில் முதலாவது வழியில் 6 இலட்சத்து 25 ஆயிரம் போய்விடும். இரண்டாவது வழியில் 50 ஆயிரம்தான் போகும். விற்பனைப் பிரிவின் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் ‘தனிப்பட்ட காரணம்’ என்று அச்சிட்டே வைத்திருப்பது வழக்கம். அதில் கையெழுத்திட்டால் உங்களை நீங்களே 7.1க்குள் கொண்டுபோய் விடுகிறீர்கள்.

வீடு விற்ற பிறகுதான் பணம் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மீளளிக்க வேண்டும் என்றுதான் 7.4 சொல்கிறது. விற்பனை அலுவலர் வாயால் சொன்ன நிபந்தனையைக் கடிதத்தில் குறிப்பிட்டு விவாதிக்கவும் தேவையில்லை. 7.4இன் சொற்களை அப்படியே எடுத்து எழுதினால் போதும்.

அடுத்தது நாட்கணக்கு. ஜனவரி 10ஐ விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணினால் 45ஆவது நாள் பெப்ரவரி 24. ஆனால் 14ஆம் வாசகத்தைப் பாருங்கள்: அறிவித்தலை ஒப்பந்தத்தில் உள்ள பதிவு அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் ஒப்படைக்க வேண்டும், தபாலில் போட்டால் மூன்றாம் நாள் கிடைத்ததாகக் கொள்ளப்படும். 24ஆம் திகதி தபாலில் போட்டால் 27ஆம் திகதி கிடைத்ததாகிவிடும், காலக்கெடு கடந்துபோகும். தபால் என்றால் 21ஆம் திகதிக்குள் போட்டாக வேண்டும். பெப்ரவரி 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 21ஆம் திகதி கிடைத்ததாகும், மூன்று நாள் கையிருப்பும் இருக்கும். அன்றைக்கே இன்னொரு பிரதியைப் பதிவு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் வாங்கியவரின் பெயரும் கையெழுத்தும் பெறுங்கள்.

இந்த இடத்தில் பலர் தவறுவது முகவரியில்தான். காலி வீதியில் மாதிரி வீட்டைக் காட்டும் விற்பனை அலுவலகத்துக்கே கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் நிறுவனத்தின் பெயருக்குக் கீழ் இருப்பது வேறு முகவரியாக இருக்கலாம். அங்குதான் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னதும் மின்னஞ்சலில் எழுதியதும் உங்கள் ஒப்பந்தத்தின்படி அறிவித்தல் ஆகாது. ஆனாலும் அவற்றை அழிக்க வேண்டாம். அலுவலர் என்ன சொன்னார் என்பதற்குப் பிறகு உதவும்.

வங்கிக் கடிதத்தையும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். 7.2 தங்கி நிற்பது அந்த ஒரு தாளில்தான். உங்கள் இருவரின் பெயர், கேட்ட தொகை, எந்த வீட்டுக்காக என்பது, மறுக்கப்பட்டது என்ற சொல், திகதி, கிளையின் முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். சில கிளைகளில் ‘விண்ணப்பம் மீளப் பெறப்பட்டது’ என்று எழுதித் தருவார்கள். அது நீங்களாகவே விலகியதாகப் படிக்கப்படும், நிறுவனம் உடனே 7.1ஐக் கையில் எடுக்கும். அப்படி இருந்தால் இன்றே கிளைக்குப் போய்த் திருத்திய கடிதம் கேளுங்கள். காரணத்தை விரிவாக எழுதச் சொல்லத் தேவையில்லை. கிரிப் அறிக்கையில் உள்ள உங்கள் சொந்தக் கடன் விபரம் கட்டட நிறுவனத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. கேட்டதில் ஒரு பகுதியை மட்டும் தருவதாக வங்கி சொல்லியிருந்தால் நிலைமை சற்றுச் சிக்கல்: ‘கடன் மறுக்கப்பட்டால்’ என்று மட்டும் வாசகத்தில் இருந்தால் நிறுவனம் அதை மறுப்பாக ஏற்காது. உங்களுடையது முழு மறுப்பு என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

இனி கடிதம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருப்பதால் கடிதத்தையும் ஆங்கிலத்தில், வாசகங்களின் சொற்களை மாற்றாமல் எழுதுவது நல்லது. இருக்க வேண்டிய விடயமும் வரிசையும் இதுதான்:

18 பெப்ரவரி 2026
பதிவுத் தபாலிலும் நேரிலும்

பணிப்பாளர்கள்,
(நிறுவனத்தின் பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பதிவு அலுவலக முகவரி)

முன்பதிவு ஒப்பந்தம், திகதி 10.01.2026 – வீட்டு இலக்கம் (…) – 7.2ஆம் வாசகத்தின் கீழ் ரத்து அறிவித்தல்

மேற்படி ஒப்பந்தத்தின் கீழ் நாம் இருவரும் ரூபாய் 2,500,000 முற்பணமாகச் செலுத்தியுள்ளோம் (பற்றுச்சீட்டு இலக்கம் …, திகதி …).

இவ்வீட்டை வாங்குவதற்காக நாம் விண்ணப்பித்த ரூபாய் 30,000,000 கடனை (வங்கி, கிளை) 11.02.2026 திகதியிட்ட கடிதத்தின் மூலம் மறுத்துள்ளது. அக்கடிதத்தின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

ஆகவே 7.2ஆம் வாசகத்தின் கீழ் இம்முன்பதிவை இத்தால் ரத்துச் செய்கிறோம். 28.02.2026 அன்று செலுத்த வேண்டிய தவணை உட்பட, இனிமேல் செலுத்த வேண்டிய எத்தொகைக்கும் நாம் பொறுப்பல்ல.

7.2இன்படி 2 சதவீதமான ரூபாய் 50,000 கழித்து, மீதி ரூபாய் 2,450,000ஐ 7.4ஆம் வாசகத்தின்படி 60 நாட்களுக்குள், அதாவது 22.04.2026க்கு முன்னர் அல்லது அன்று, பின்வரும் கணக்கில் வைப்பிலிடவும்: (கணக்கு விபரம்).

(இருவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், கையொப்பம்)

இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, கடிதம் ரத்துச் செய்கிறது. ரத்துச் செய்து தரும்படி கேட்கவில்லை. ‘எமது வேண்டுகோளைப் பரிசீலிக்கவும்’, ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்றெல்லாம் மரியாதைக்காக எழுதினால், முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடம் கொடுத்ததாகிவிடும், சொந்தக் காரணத்துக்கு விலகியதாகவும் ஆகிவிடும். இரண்டாவது, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில் மனைவியும் ஒரு தரப்பு. ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட அறிவித்தல் செல்லாது என்று சொல்லிக் கெடு முடியும்வரை இழுத்தடிக்க இடம் கிடைக்கும்.

முற்பணத்தில் ஒரு பகுதி வெளிநாட்டில் உள்ள உறவினர் தன் உள்நோக்கிய முதலீட்டுக் கணக்கு வழியாக அனுப்பியதாக இருந்தால், அந்தப் பகுதியை அதே கணக்குக்கே திருப்பும்படி கடிதத்தில் பிரித்து எழுதுங்கள். உங்கள் ரூபாய்க் கணக்குக்கு வந்துவிட்ட பிறகு அதைத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்புவது பெரும் பாடு.

முன்பதிவு ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்படாததால் அது செல்லாது என்று எழுதும்படி யாராவது ஆலோசனை சொல்லக்கூடும். காணி, வீடு விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் இருப்பது உண்மைதான். ஆனால் அதை இந்தக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள். நீங்கள் பணம் கேட்பதே அந்த ஒப்பந்தத்தின் 7.2ஐப் பிடித்து. ஒரே கடிதத்தில் ஒப்பந்தம் செல்லாது என்றும், அதன்படி பணம் தா என்றும் எழுதினால் உங்கள் பிடி தளரும். வழக்கு வரை போனால் அந்த வாதம் தேவையா என்பதைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

கடிதம் போன பிறகு பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு வரும்: ‘கணக்குப் பிரிவுக்கு எங்கள் படிவம் கட்டாயம் வேண்டும்.’ நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சிட்ட காரணத்தை வெட்டிவிட்டு ‘7.2ஆம் வாசகம், 18.02.2026 திகதிய அறிவித்தலின்படி’ என்று எழுதுங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் அதையும் வெட்டி, வெட்டிய இடங்களில் இருவரும் சிறு கையெழுத்திட்டு, படிவத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பற்றுச்சீட்டையும் மூல ஒப்பந்தத்தையும் பணம் கணக்கில் விழும்வரை கொடுக்க வேண்டாம், பிரதி போதும்.

தபால் கிடைத்ததாகும் பெப்ரவரி 21இலிருந்து எண்ணும் 60 நாள் கணக்கு சித்திரைப் புத்தாண்டைத் தாண்டிப் போகிறது. ‘புத்தாண்டுக்குக் கணக்குப் பிரிவு மூடியிருந்தது’ என்பார்கள். உங்கள் 7.4இல் ‘நாட்கள்’ என்றுதான் இருக்கிறது, ‘வேலை நாட்கள்’ என்று இல்லை. ஆகவே ஏப்ரல் 22 மாறாது. ஏப்ரல் 8 வாக்கில் ஒரு வரி நினைவூட்டல் அனுப்பினால், விடுமுறைக்கு முன்பே காசோலை தயாராகும் வாய்ப்பு அதிகம்.

25 சதவீதம் கழித்து 18 இலட்சத்து 75 ஆயிரத்துக்குக் காசோலை நீட்டினால்? வாங்கலாம், ஆனால் முழுத் தீர்வு என்ற பத்திரத்தில் கையெழுத்திடாமல் வாங்க வேண்டும். ‘2,450,000 ரூபாயில் ஒரு பகுதியாக மட்டும் பெற்றோம், மீதி 575,000 நிலுவையில் உள்ளது’ என்று எழுதிக் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்குங்கள். கையெழுத்திட்டால்தான் காசோலை என்று பிடிவாதம் பிடித்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். அந்த ஒரு கையெழுத்துக்கு விலை ஐந்தே முக்கால் இலட்சம்.

ஏப்ரல் 22 தாண்டியும் பணம் வரவில்லையென்றால் சட்டத்தரணி மூலம் 14 நாள் அவகாசத்துடன் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அதற்கு முன் ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு நேரே போகும்போது நிறுவனம் அதையே முதல் ஆட்சேபமாக எடுக்கும். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்கிட 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் 6 ஆண்டுகள் தருகிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்: பாதியில் நிற்கும் கட்டடம் என்றால், நிறுவனத்திடம் பணம் இருக்கும்போதே கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.