காய்ந்த முழங்கையும் மறந்த ரக்அத்தும்

*அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு ஏழு வயது. ஒளுச் செய்யும்போது வரிசையை மாற்றிவிடுகிறான். தொழும்போது எத்தனை ரக்அத் என்று மறந்துவிடுகிறான். மனதில் நிற்கிற மாதிரி எப்படிச் சொல்லித் தருவது? நாங்கள் ஷாஃபி மத்ஹப்.*
*- ஒரு தாய், கீழக்கரை*

வ அலைக்குமுஸ் ஸலாம் சகோதரி. முதலில் ஃபர்ளை மட்டும் பிடியுங்கள். "முகம், கை, தலை, கால்" என்று நான்கு சொல்லையும் தாளம் போட்டுச் சொல்ல வையுங்கள். முகத்தில் தண்ணீர் படும்போதே நிய்யத் மனதில் இருக்க வேண்டும். இந்த வரிசையும் மாறக்கூடாது. இவற்றோடு ஆறு ஃபர்ளும் முடிந்தன. மணிக்கட்டு வரை கழுவுவது, வாய் கொப்பளிப்பது, மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவது, காது தடவுவது எல்லாம் சுன்னத். நான்கு சொல் பதிந்த பிறகு அவற்றை இடையில் சேர்க்கலாம். "மூன்று மூன்று, தலைக்கும் மூன்று" என்பது நம் மத்ஹபில் சுன்னத். ஒரு முறையே கடமை.

குழாயைத் திறந்துவிட்டுப் பழக்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் 'முத்து' என்ற அரபு முகத்தல் அளவில் ஒரு முத்துத் தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். அது முக்கால் லிட்டருக்குள்தான். ஒரு செம்பு கொடுத்தால் எங்கே ஊற்றுகிறோம் என்று பிள்ளை கவனிக்கும்.

வழக்கமாக விடுபடுவது முழங்கையும் குதிகாலும். இன்னொன்று பெரியவர்களிடமும் உண்டு: தொடக்கத்தில் உள்ளங்கையைக் கழுவிவிட்டோமே என்று, பிறகு மணிக்கட்டிலிருந்து மேலே மட்டும் கழுவுவார்கள். முகத்துக்குப் பின் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை முழுக் கையையும் கழுவ வேண்டும். பயிற்சிக்கு, முழங்கையிலும் குதிகாலிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். ஒளு முடிந்தும் புள்ளி அப்படியே இருந்தால் அங்கே கை போகவில்லை.

இடது முழங்கையில் புள்ளி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். முழங்கையைக் கழுவி, தலையைத் தடவி, கால்களை மறுபடி கழுவினால் போதும். வரிசை ஃபர்ளு என்பதால்தான் பிந்தியதைத் திரும்பச் செய்கிறோம். தலைக்கு முன்பே காலைக் கழுவிவிட்டாலும் இதே தீர்வு.

ரக்அத்துக்கு வலது கை விரல்கள். பெருவிரல் சுபுஹு 2, ஆள்காட்டி விரல் லுஹர் 4, நடுவிரல் அஸர் 4, மோதிர விரல் மஃரிப் 3, சுண்டுவிரல் இஷா 4. மொத்தம் 17. குழப்பம் மஃரிபில்தான் அதிகம். "இரண்டு முடிந்தால் இருப்பு, கடைசியிலும் இருப்பு" என்ற ஒரே விதியைச் சொல்லுங்கள்: இரண்டாவதில் அத்தஹிய்யாத், எழுந்து இன்னொரு ரக்அத், மறுபடி அத்தஹிய்யாத், ஸலவாத், ஸலாம். ஒவ்வொரு ரக்அத்திலும் ருகூஉ ஒன்று, ஸஜ்தா இரண்டு. ஸஜ்தாவில் பிள்ளைகள் பாதத்தைத் தூக்கிவிடுவார்கள். கால்விரல்களின் அடிப்பகுதி தரையில் படுகிறதா என்று பின்னால் நின்று பாருங்கள்.

இரண்டா மூன்றா என்று நடுவில் சந்தேகம் வந்தால், குறைந்ததான இரண்டை வைத்துத் தொடரட்டும். ஸலாமுக்கு முன் இரண்டு ஸஜ்தா ஸஹ்வு செய்துவிட்டு முடிக்கலாம்.