உயர்கல்விக்காக விலகும் செவிலியர்: ஏற்புக் கடிதம், ஒப்படைப்பு, கணக்குத் தீர்வு – கேள்வி பதில்

கேள்வி (நிர்வாக அலுவலர்): எங்கள் செவிலியர் ஒருவர் முதுநிலைப் படிப்பில் சேர்வதற்காக ஜூன் 3 அன்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். அறிவிப்புக் காலம் 60 நாள். ஆனால் ஜூலை 20 அன்று வகுப்பு தொடங்குகிறது. ஏற்புக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்: கடிதம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து எண்ணுவது உங்கள் விதி என்றால், ஜூன் 4 முதல் ஜூன் 30 வரை 27 நாள், அதற்கு மேல் 33 நாள் என ஆகஸ்ட் 2 அன்றுதான் 60 நாள் நிறைவடையும். அவரை ஜூலை 18 அன்று விடுவித்தால் 45 நாள் மட்டுமே பணி செய்திருப்பார். 15 நாள் குறையும். இந்தப் பதினைந்து நாளை என்ன செய்வது என்பதை ஏற்புக் கடிதத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். "ராஜினாமா ஏற்கப்பட்டது, விதிப்படி கணக்கு தீர்க்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு முடியும் கடிதங்கள்தாம் மாதக்கணக்கில் இழுபடும் சச்சரவுகளின் தொடக்கம் என்பதை என் பணிக்காலம் முழுவதும் கண்டிருக்கிறேன்.

அவருக்கு ஈட்டிய விடுப்பு 22 நாள் இருப்பதாகவும், நாள் ஒன்றுக்கு மொத்த ஊதியம் 1,000, அடிப்படை ஊதியம் 600 என்றும் வைத்துக்கொள்வோம். பல நிறுவனங்களில் விடுப்பைப் பணமாக்கும்போது அடிப்படை ஊதியத்தையும், அறிவிப்புக் குறைவைப் பிடிக்கும்போது மொத்த ஊதியத்தையும் கொண்டு கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால், 15 நாள் பிடித்தம் 15,000. 22 நாள் விடுப்புக்கு அவர் பெறுவது 13,200. ஆகவே அவரே 1,800 கட்ட வேண்டியிருக்கும். மாறாக, 15 நாள் விடுப்பைக் குறைவுக்கு ஈடாக எடுத்துக்கொண்டால் எஞ்சும் 7 நாளுக்கு 4,200 அவர் கையில் கிடைக்கும். ஒரே செவிலியர், ஒரே தேதி, ஆனால் 6,000 வேறுபாடு.

எனவே கடிதம் இவ்வாறு அமையட்டும்: "தாங்கள் உயர்கல்வியின் பொருட்டு ஜூன் 3 அன்று அளித்த ராஜினாமா ஏற்கப்படுகிறது. ஜூலை 18 பகல் பணி முடிவில் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள். அறிவிப்புக் காலத்தில் குறையும் 15 நாட்கள் தங்கள் ஈட்டிய விடுப்பில் ஈடுசெய்யப்படும். எஞ்சிய 7 நாள் விடுப்புக்கான தொகை இறுதிக் கணக்கில் சேர்க்கப்படும். தங்கள் பொறுப்பிலுள்ளவற்றை வார்டு பொறுப்புச் செவிலியரிடம் ஜூலை 17க்குள் ஒப்படைக்கவும்."

கேள்வி (மற்றொரு மருத்துவமனையின் கணக்காளர்): அறிவிப்புக் காலத்தில் விடுப்பே எடுக்கக் கூடாது என்பதுதானே விதி? பிறகு எப்படி விடுப்பில் ஈடுசெய்கிறீர்கள்?

பதில்: பாதி சரி. அறிவிப்புக் காலத்துக்குள் விடுப்பில் போவது வேறு. இருக்கும் விடுப்பைக் கொடுத்து அறிவிப்புக் காலத்தைக் குறைத்துக்கொள்வது வேறு. முதலாவதைப் பல விதிப்புத்தகங்கள் தடுக்கின்றன, ஏனெனில் ஒப்படைக்க ஆளில்லாமல் போகும். இரண்டாவது நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான இசைவுடன் நடப்பது.

அதே கணக்காளர்: எங்கள் இடத்தில் மருத்துவ விடுப்பையே ஈடுகட்டினார்கள். அதுவும் சரியா?

பதில்: நான் செய்ய மாட்டேன். மருத்துவ விடுப்பு நோய்க்காகத் தரப்படுவது. ஒருவருக்கு இரக்கப்பட்டுச் செய்தால் அடுத்து விலகுபவரும் அதையே கேட்பார். ஆனால் உங்கள் விதிப்புத்தகம் அதற்கு இடமளித்தால் நான் சொல்வது செல்லாது.

வேறொருவர், இடையில்: விடுப்புக்கு அடிப்படை ஊதியம், பிடித்தத்துக்கு மொத்த ஊதியம் என்பதே அநியாயம் அல்லவா? இரண்டையும் ஒரே அளவுகோலில் கணக்கிட வேண்டும்.

பதில்: எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆயினும் பணி நியமன ஆணையில் அவ்வாறே எழுதப்பட்டுக் கையொப்பமும் இடப்பட்டிருந்தால், விலகும் நாளில் அதை மாற்ற முடியாது.

கணக்காளர்: அநியாயம் ஒன்றுமில்லை. ஆள் இல்லாத 15 நாளுக்கு மாற்றுச் செவிலியருக்கு நிர்வாகம் முழு ஊதியம் தருகிறதே!

பதில்: மாற்றுச் செவிலியரை உண்மையிலேயே நியமித்தால் உங்கள் வாதம் நிற்கும். இருக்கும் நால்வரையே கூடுதல் டூட்டி பார்க்கவைத்துவிட்டுப் பிடித்தம் செய்யும் இடங்களும் உண்டு. இது இங்கே தீராது. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

கேள்வி (விலகவிருக்கும் செவிலியர்): எனக்குக் கடைசி வாரம் இரவுப் பணி போட்டிருக்கிறார்கள். 18ஆம் தேதி இரவு டூட்டி 19 காலையில்தான் முடியும். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், சகோதரி. நான் பணிபுரிந்த ஓரிடத்தில், விடுவிப்புத் தேதியின் நள்ளிரவோடு ஒருவரின் கணினி உள்நுழைவு முடக்கப்பட்டுவிட்டது. விடியற்காலை 2 மணிக்குக் கொடுத்த மருந்தை அவர் தம் பெயரில் பதிய முடியவில்லை. இன்னொருவரின் பெயரில் பதிந்தார்கள்; அது அதைவிடப் பெரிய தவறு. கடைசி நாளைப் பகல் பணியாக மாற்றிக் கேளுங்கள். முடியாதென்றால், "19 காலை இரவுப் பணி முடிவில்" என்று விடுவிப்பு நேரத்தைத் திருத்தி வாங்குங்கள்.

கேள்வி (வார்டு பொறுப்புச் செவிலியர்): ஒப்படைப்பில் எதை முக்கியமாகப் பார்ப்பது? பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதாதா?

பதில்: படுக்கை விரிப்புக்கும் சக்கர நாற்காலிக்கும் போதும். பூட்டி வைக்கும் வலிநிவாரண மருந்துகளுக்குப் போதாது. மார்ஃபின், ஃபென்டானில் போன்றவற்றை இருவரும் அலமாரி முன் நின்று, ஆம்பியூல்களைக் கையால் எண்ணி, பதிவேட்டின் இருப்போடு ஒப்பிட வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அவர் கையொப்பமிட்ட பதிவுகளில், பாதி ஆம்பியூல் செலுத்தி மீதியைக் கொட்டியதாக உள்ளவற்றில் சாட்சிக் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் இங்கிருக்கும்போதே விளக்கம் எழுதி வாங்குங்கள். படிப்புக்குப் போனபின் அவரைத் தேடிப் பிடிப்பது கடினம், அவருக்கும் அது மனவேதனை. சாவி கைமாறிய நேரத்தையும் பதிவேட்டிலேயே எழுதுங்கள். "டூட்டி செவிலியரிடம் கொடுத்தேன்" என்று எழுதினால் யாரிடம் என்பது ஒருபோதும் தெரியவராது, பெயர் வேண்டும்.

கேள்வி: வார்டில் ஆக்சிமீட்டர் ஒன்று காணோம். அதன் விலையை விலகுபவரின் கணக்கில் பிடிக்கலாமா?

பதில்: அந்தக் கருவி அவர் பெயரில் கையொப்பத்துடன் வழங்கப்பட்டதா? இல்லையென்றால் மூன்று ஷிப்டிலும் எல்லோரும் பயன்படுத்திய பொருளின் இழப்பை, வாசல் தாண்டிப் போகிறவர் தலையில் கட்டுவது முறையல்ல. அதற்காக நிலுவை இல்லாச் சான்றை நிறுத்தி வைப்பது இன்னும் முறையல்ல.

கேள்வி: இரண்டாண்டு பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். படிப்புக்காக என்றால் விலக்கு உண்டா?

பதில்: காரணம் நல்லது என்பதால் ஒப்பந்தம் தானாகக் கரையாது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்லுங்கள். படிக்காத தாளுக்கு நான் பொருள் சொல்ல முடியாது.

கேள்வி: அனுபவச் சான்றிதழ் எப்போது கிடைக்கும்?

பதில்: விடுவிக்கப்படும் நாளிலேயே கேளுங்கள்.

கேள்வி: கணக்குத் தீர்ந்தால்தான் அனுபவச் சான்றிதழ் தருவோம் என்கிறார்களே?

பதில்: சான்றிதழ் நீங்கள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தப் பிரிவில் பணி செய்தீர்கள் என்பதைச் சொல்வது, அதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. கல்லூரிச் சேர்க்கைத் தேதியைச் சுட்டி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, அனுபவச் சான்றிதழில் விடுவிப்புத் தேதி தவறாக இருந்தால்?

பதில்: ஏற்புக் கடிதத்தின் நகலைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அதில்தான் தேதியே இல்லை என்றால், முதல் பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: முதுநிலையில் குழந்தை மருத்துவப் பிரிவு எடுக்கலாமா, தீவிர சிகிச்சைப் பிரிவு எடுக்கலாமா?

பதில்: இது நான் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று. உங்கள் ஆசிரியர்களைக் கேளுங்கள்.

கேள்வி (முதலில் கேட்ட நிர்வாக அலுவலர்): செவிலியர் இன்று வந்து, படிப்பில் இடம் உறுதியாகவில்லை, ராஜினாமாவைத் திரும்பப் பெறலாமா என்று கேட்கிறார். கடிதம் இன்னும் கொடுக்கவில்லை.

பதில்: அப்படியானால் நல்லவேளை, கடிதத்தை மேசையிலேயே வைத்திருங்கள். ஏற்புக் கடிதம் அவர் கைக்குப் போகும் முன் அவர் எழுதிக் கொடுத்தால், திரும்பப் பெற அனுமதிப்பதே நான் பார்த்தவரை பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் வழக்கம். போனபின் உங்கள் விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எதுவானாலும் அவரிடம் இன்றைய தேதியிட்டு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, அதன்பின் பேசுங்கள்.