பிடித்தம் செய்யும் வரி தனி வரியா?

"சம்பளத்துல ஏற்கெனவே வரி கட்டுறேன், அப்புறம் வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் ஏன் தனியா இன்னொரு வரி பிடிக்கிறாங்க?"

அது இன்னொரு வரி இல்லை. நீங்கள் கட்ட வேண்டிய அதே வருமான வரியில் ஒரு பங்கை, பணம் உங்கள் கைக்கு வருமுன்னே முதலாளியோ வங்கியோ நிறுவனமோ எடுத்து அரசுக்கு அனுப்புவதுதான் பிடித்தம்.

ஏன் இந்தச் சுற்று வழி? லட்சம் பேரிடம் தனித்தனியாக வசூலிப்பதைவிட, அவர்களுக்குப் பணம் தரும் ஒரு வங்கியிடம் வாங்குவது சுலபம். யாருக்கு எவ்வளவு போனது என்பதும் தெரிந்துவிடும், அதனால் வருமானத்தை மறைப்பது கஷ்டம்.

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் மாதிரிதான் இது, கடைசி பில்லில் கழியும். வட்டி 1,000, பிடித்தம் 10 சதவீதம் என்றால் கைக்கு 900 வரும். ஆண்டுக் கணக்கில் உங்கள் விகிதம் 20 சதவீதம் என்றால் வரி 200, அதில் 100 போய்விட்டது, மீதி 100 கட்டினால் போதும். வரி வரம்புக்குள்ளேயே வராதவர் என்றால், கணக்குத் தாக்கல் செய்து அந்த 100-ஐத் திரும்பக் கேட்கலாம். பலர் தவறுவது எங்கே என்றால், வருமானமாக 900 என்று எழுதிவிடுவார்கள். 1,000 என்றுதான் காட்ட வேண்டும், பிடித்த 100-ஐ கட்டிய வரியாகக் காட்ட வேண்டும்.

"பிடித்தாச்சு, இனி கணக்கு முடிந்தது" என்று நினைப்பதும் பெரும்பாலும் சரியில்லை. வெளிநாட்டில் வசிப்பவர்களின் வட்டி, டிவிடெண்ட் போன்ற சிலவற்றில்தான் பல நாடுகள் பிடித்ததையே இறுதி வரியாக எடுத்துக்கொள்கின்றன.